இரவுச் சத்தம் பற்றிய விமர்சனத்துக்கு என்ன பதில் எழுதுவது?

கேட்டவர் (ராமேஸ்வரம்): படகுத்துறைப் பக்கம் எட்டு அறை லாட்ஜ் நடத்துகிறேன். வெள்ளி இரவு தங்கியவர் கூகுளில் 2 நட்சத்திரம் போட்டு, "2 மணிக்கு ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர், 3 மணியிலிருந்து ஐஸ் வண்டி. குழந்தை தூங்கவே இல்லை" என்று எழுதியிருக்கிறார். என்ன பதில் போடுவது?

மண்டபத்தான்: மன்னிப்புக் கேளுங்கள். அடுத்த முறை பாதி வாடகை என்று பதிலிலேயே போடுங்கள். ஐஸ் வண்டிப் பேச்சையே எடுக்காதீர்கள், படிக்கிறவர் ஓடிவிடுவார்.

தேவிபட்டினம் அக்கா: எனக்கு ஒருத்தர் வந்து தங்காமலேயே எழுதினார். கூகுளில் புகார் கொடுத்தேன், எடுத்துவிட்டார்கள். நீங்களும் கொடுங்கள் தம்பி.

பழைய மேனேஜர்: அக்கா, இவர் நிஜமாகவே தங்கியவர், நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார். புகார் நிற்காது.

மண்டபத்தாரே, மன்னிப்பு சரி. ஆனால் தள்ளுபடியை எல்லோரும் படிக்கிற இடத்தில் போட்டால், குறை எழுதினால் பாதி வாடகை என்று ஆகிவிடும். விமர்சனத்தை மாற்றச் சொல்லிச் சலுகை கொடுப்பதை கூகுளும் ஏற்காது.

இங்கே இரண்டு சத்தம் இருக்கிறது. ஜெனரேட்டர் உங்களுடையது. ஐஸ் வண்டி ஊருடையது. விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிறது, அதனால் வெள்ளி இரவே ஐஸ் ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டையும் ஒரே மன்னிப்பில் கட்டினால், ஐஸ் வண்டியும் இனி வராது என்று படிப்பவர் நினைப்பார். நான் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் சார். குழந்தையோடு வந்த உங்கள் தூக்கம் கெட்டதற்கு மன்னிக்கவும். ஜெனரேட்டரை ஜன்னலுக்குக் கீழே வைத்தது எங்கள் தவறு. இப்போது சமையலறைக்குப் பின்னால் மாற்றிவிட்டோம். ஐஸ் வண்டியை எங்களால் நிறுத்த முடியாது. படகு போவதற்கு முந்தைய இரவில் முன்பக்க அறைகளில் அந்தச் சத்தம் கேட்கும். முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அடுத்த முறை சனி இரவு, பின்பக்க அறையில் தங்கிப் பாருங்கள். எந்த அறை என்பதை நாங்களே போனில் சொல்கிறோம்."

மண்டபத்தான்: வெள்ளியும் ஞாயிறும்தான் வசூல் இரவு. சத்தம் இருக்கும் என்று நாமே எழுதினால் யார் வருவார்?

பழைய மேனேஜர்: சொல்லாமல் விட்டால் அடுத்த வெள்ளியும் இதே 2 நட்சத்திரம் வரும். விடியலில் அக்னி தீர்த்தம் போகிறவர் எப்படியும் சீக்கிரம் எழுகிறார், அவருக்கு முன்பக்க அறை கொடுங்கள். குழந்தையோடு வருபவருக்குப் பின்பக்கம்.

மண்டபத்தான்: போனில் சொல்லலாம். பதிலில் எழுதுவதைத்தான் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

தேவிபட்டினம் அக்கா: அப்போ தடைக்காலத்தில் வரச் சொல்லுங்கள் தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாதே.

பழைய மேனேஜர்: நல்ல யோசனை அக்கா. ஆனால் "முழு அமைதி" என்று எழுத வேண்டாம், நாட்டுப்படகு அப்போதும் போகும்.

கேட்டவர்: ஜெனரேட்டரை இன்னும் நகர்த்தவில்லை. எலக்ட்ரீஷியன் செவ்வாய்தான் வருகிறார். இன்றே பதில் போட்டுவிடட்டுமா?

பழைய மேனேஜர்: "மாற்றிவிட்டோம்" என்ற வரி பொய்யாகிவிடும். மன்னிப்பையும் ஐஸ் வண்டி விஷயத்தையும் இன்று போடுங்கள். செவ்வாய் இரவு நீங்களே அந்த அறையில் படுத்து ஜெனரேட்டரை ஓடவிட்டுக் கேளுங்கள். அப்புறம் பதிலைத் திருத்தி அந்த வரியைச் சேருங்கள்.