சைட் போடும் தம்பி 'ஏபிஐ இணைக்கணும்' என்கிறார், அது எதற்கு?

மிட்டாய்க்கடை: கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் சொல்லி, கியூஆரில் பணம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். போன வாரம் 640 ரூபாய்க்கு வந்த ஸ்கிரீன்ஷாட் போலி. பார்சல் போய்விட்டது. இப்போது வெப்சைட் போடலாமென்றால், பேமெண்ட் ஏபிஐக்குத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரியவேண்டும்.

செல்வி: ஏபிஐ என்றால் மொபைல் ஆப்தான் அண்ணே. வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட்டாலே போதும், நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

மாரி: ஆர்டர் வாங்க கேட்டலாக் போதும் அக்கா, அது சரி. ஆனால் ஏபிஐ ஆப் இல்லை. ஸ்கிரீன்ஷாட் வந்தால் அண்ணன் பேங்க் கணக்கைத் திறந்து, பணம் விழுந்ததா என்று பார்க்கவேண்டும் இல்லையா? அதே கேள்வியை உங்கள் சைட் நேராகப் பேமெண்ட் கம்பெனியின் கம்ப்யூட்டரிடம் கேட்கிறது. இப்படி எழுதிக் கேட்டால் இப்படிப் பதில் தருவோம் என்று அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடுதான் ஏபிஐ. உங்கள் 640 ரூபாய் ஆர்டரை ரேஸர்பே என்ற பேமெண்ட் கம்பெனிக்கு அனுப்பினால் இப்படி இருக்கும்:

```
{
  "amount": 64000,
  "currency": "INR",
  "receipt": "KM-118"
}
```

தொகை பைசாவில் போகும். 640 என்று போட்டால் வாடிக்கையாளர் கட்டுவது 6 ரூபாய் 40 காசுதான். இதற்கு ஓர் ஆர்டர் எண்ணும் `created` என்ற நிலையும் பதிலாக வரும். பணம் வந்ததும் நிலை `paid` ஆகும். அதைப் பார்த்த பிறகே பார்சல் கட்டுங்கள்.

ராஜா டீ ஸ்டால்: என் கடை சவுண்ட்பாக்ஸ் ரெண்டு நாளாகப் பேசவில்லை, அதுவும் ஏபிஐ கோளாறா?

மாரி: இல்லண்ணே, முதலில் அதன் சிம்முக்கு சிக்னல் இருக்கிறதா பாருங்கள்.

மிட்டாய்க்கடை: பணம் கட்டியவர் எங்கள் சைட்டுக்குத் திரும்பாமல் போனை மூடிவிட்டால்?

மாரி: சரியான கேள்வி. அதற்குத்தான் வெப்ஹூக். பணம் வந்த செய்தியைக் கம்பெனியே உங்கள் சர்வருக்கு அனுப்பும், வாடிக்கையாளர் போனை நம்பி இருக்கவேண்டாம். செய்தி போலியில்லை என்று உறுதிசெய்ய அதோடு ஒரு கையொப்பம் வரும், தம்பி அதைச் சரிபார்க்கிறாரா என்று கேளுங்கள். ஒரே செய்தி இரண்டு தடவையும் வரலாம். ஆர்டர் எண்ணைப் பார்க்காவிட்டால் ஒரே ஆளுக்கு ரெண்டு பார்சல் போய்விடும்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் சின்னத் தொகைக்கு நீங்களே ஓர் ஆர்டர் போடுங்கள். யுபிஐயில் பணம் கட்டியவுடன் பிரவுசரை மூடிவிடுங்கள். சற்று நேரத்தில் உங்கள் ஆர்டர் பட்டியலில் பணம் வந்ததாகக் காட்டவேண்டும். காட்டவில்லையென்றால் வெப்ஹூக் சரியாக வேலை செய்யவில்லை, மீதிப் பணத்தை நிறுத்திவையுங்கள்.

மிட்டாய்க்கடை: இப்போது புரிகிறது தம்பி. கடையில் விற்றுத் தீர்ந்தால் சைட்டிலும் தானாகக் குறையுமா?

மாரி: உங்கள் பில்லிங் சாஃப்ட்வேருக்கு ஏபிஐ இருந்தால் முடியும். அது எந்த சாஃப்ட்வேர்?

மிட்டாய்க்கடை: பெயர் தெரியவில்லை. பில் போடும் பையன் நாளைக்கு வருவான், கேட்டுச் சொல்கிறேன்.