‘நெறி’ என்றே எழுதிவிடலாமா?

ஹட்டன், தோட்ட மருத்துவமாது:
தோட்ட மருந்தகத்தில் ஒட்ட ஓர் அறிவித்தல் எழுதுகிறேன். ‘கழுத்து நிணநீர்க் கணு வீக்கம்’ என்று எழுதினால் லயத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ‘நெறி கட்டுறது’ என்றதும் விளங்கியது. அப்படியே போடலாமா?

பண்டாரவளை, தமிழாசிரியர்:
பழைய வைத்தியத்தில் ‘கண்டமாலை’ என்று இருக்கிறதே. மாலைபோல் கழுத்தில் கோத்த கட்டிகள். புதுச்சொல் எதற்கு?

பதுளை, ஓய்வுபெற்ற மருத்துவர்:
சேர், கண்டமாலை என்றால் பெரும்பாலும் காசநோய்க் கணுக்கள்தான் நினைவுக்கு வரும். தொண்டை நோவோடு வரும் வீக்கத்துக்கு அதைப் போட்டால் வீட்டார் பயந்துவிடுவார்கள்.

‘நெறி’யில் எனக்கு வேறு பயம். காலில் புண் வந்தால் இடுக்கில் நெறி கட்டும், புண் ஆறினால் வற்றும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கழுத்திலும் பெரும்பாலும் அப்படித்தான்: தொண்டை அழற்சி, சொத்தைப் பல், பேன் கடித்துச் சொறிந்து சீழ்வைத்த தலை. ஆனால் வற்றாததையும் நெறி என்றால், காத்திருங்கள் என்று சொன்னதாகிவிடும்.

கொழுந்து பறிக்கும் ஓர் இளம்பெண்ணைப் பார்த்தேன். வலது கழுத்தில் நோவில்லாத கட்டி, இரண்டு மாதம். ‘நெறிதானே’ என்று இரண்டு முறை அமொக்சிசிலின் குடித்திருந்தார். தொட்டால் மூன்று கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்தியில் காய்ச்சல், உடல் மெலிவு. இருமல் இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம், அதனால் காசநோயை யாரும் நினைக்கவில்லை. ஊசியால் உறிஞ்சியதில் தெளிவு வராததால் ஒரு கணுவை முழுதாக எடுத்தோம். பாதியை ஃபோமலினிலும் பாதியை உப்புநீரிலும் அனுப்பினோம். எல்லாவற்றையும் ஃபோமலினில் போட்டிருந்தால் கிருமி செத்து, வளர்ப்புச் சோதனைக்கு ஒன்றும் மிஞ்சியிராது. காசநோய்தான். ஆறு மாத மருந்தில் குணமானார். நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவும் இதே கோலத்தில் வரும். அதில் ஊசி ஏமாற்றலாம். முன்கூட்டியே ஸ்டெரொய்ட் கொடுத்தால் கணு சுருங்கி நோய் மறைந்துகொள்ளும்.

நுவரெலியா வாசகர்:
எனக்கும் தாடைக்குக் கீழே கடலை அளவில் ஒன்று. பல்லைப் பிடுங்கியபின் சிறுத்தது, முழுதாகப் போகவில்லை. வெட்ட வேண்டுமா?

பதுளை:
மிருதுவாக, விரலுக்கு அசைந்துகொடுத்து, 1 செ.மீ.க்குள் வளராமல் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. ஒருமுறை நேரில் காட்டுங்கள். கல்லுப்போல் இறுகினாலோ 2 செ.மீ.யைத் தாண்டினாலோ நிலைமை வேறு.

ஹட்டன்:
அப்படியென்றால் இரண்டு சொல் வைப்போம். வற்றுவது ‘நெறி’, நாலு கிழமை தாண்டியும் நிற்பது ‘வற்றா நெறி’.

பண்டாரவளை:
‘வற்றா’ என்றால் ஊற்று நினைவு வருகிறது, நல்ல பொருள். ‘தங்குநெறி’ எப்படி? கணுவை எடுத்துச் சோதிக்கும் பயொப்சிக்கு நம் பாடநூல் வழக்கில் ‘இழையப் பரிசோதனை’ போடலாம்.

பதுளை:
இழையம் சரி. தங்குநெறியும் பிடித்திருக்கிறது. ஆனால் காரை எலும்புக்கு மேலே வரும் கணு இதில் அடங்காதே. நெஞ்சிலோ வயிற்றிலோ உள்ள புற்றுநோய் அங்கே எட்டிப்பார்க்கும். அதற்கு நாலு கிழமையும் கூடாது, சின்னது என்றும் பார்க்கக்கூடாது.

ஹட்டன்:
அதற்குச் சொல் தேட வேண்டாம் டொக்டர், கழுத்துப் படம் வரைந்து அந்தக் குழியில் சிவப்புப் புள்ளி வைக்கிறேன். ‘தங்குநெறி’யை நாளை பிரட்டுக்களத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.