மூலதனச் செலவா, மூலதனக் கிரயமா? ஒரு சொல் வேண்டும்

சிவகாமி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கல்லூரி வணிகவியல் மாணவர்களுக்காகத் திட்ட மதிப்பீடு பற்றி ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடனும் பங்கு முதலும் சேர்த்து நடக்கும் ஒரு கம்பெனி, புதுத் திட்டத்தின் வருங்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரு வீதத்தை எடுத்துக்கொள்ளும் அல்லவா, அதற்கு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும். 'தள்ளுபடி வீதம்' என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன், 'எடையிட்ட சராசரி மூலதனச் செலவு' என்றும் எழுதிப் பார்த்தேன். அரசு பட்ஜெட்டில் பாலம், கட்டடம் கட்டுவதற்கான செலவையும் 'மூலதனச் செலவு' என்றுதான் சொல்கிறார்கள். மாணவர்கள் இரண்டையும் நிச்சயம் குழப்பிக்கொள்வார்கள்.

தர்சினி எழுதியது:

வணக்கம் சிவகாமி அக்கா. இலங்கையில் நாங்கள் 'மூலதனக் கிரயம்' என்றுதான் படித்தோம். கணக்கியலில் செலவு வேறு, கிரயம் வேறு. 'நிறையேற்றிய சராசரி மூலதனக் கிரயம்' என்பது நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

முருகேசன் எழுதியது:

எங்கள் பக்கம் கிரயம் என்றால் பத்திரப்பதிவு அலுவலகம்தான் நினைவுக்கு வரும், தங்கச்சி. அது ஒருபுறம் இருக்கட்டும். இது அவ்வளவு சிக்கலான விஷயமா? கம்பெனி வாங்கும் கடனுக்கு வங்கி கேட்கும் வட்டிதான் அதன் வீதம். பங்குதாரருக்கு லாபம் வந்தால் கொடுக்கிறோம், வராவிட்டால் இல்லை. அதில் செலவு எங்கே இருக்கிறது?

ரமணன் எழுதியது:

முருகேசன் ஐயா, நீங்கள் கேட்டதில் பாதி சரி. பங்குதாரருக்கு என்று கணக்கேட்டில் வட்டி எழுதுவதில்லை. 'செலவு' என்ற சொல் மாணவனைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோவதும் அதனால்தான், அவன் லாப நட்டக் கணக்கில் அதைத் தேடுவான். உண்மையில் இது பணம் கொடுத்தவர்கள் எதிர்பார்க்கும் வருமானம். இதே அளவு ரிஸ்க் உள்ள வேறு இடத்தில் போட்டால் 15 சதவீதம் கிடைக்கும் என்றால், அதற்குக் குறைவாகத் தரும் திட்டத்தில் பங்குதாரர் பணத்தைப் போடுவது அவருக்கு நஷ்டம். கணக்கேட்டில் வராது, ஆனால் பங்கு விலையில் தெரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். கடன் 40 கோடி ரூபாய், வட்டி 10 சதவீதம். ஐந்தொகையில் பங்கு முதலும் இருப்பு நிதியும் சேர்ந்து 40 கோடி. ஆனால் சந்தையில் எல்லாப் பங்குகளின் இன்றைய மதிப்பு 120 கோடி. பங்குதாரர் எதிர்பார்ப்பது 15 சதவீதம். வட்டியைச் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம். வரி 25 சதவீதம் என்றால் கடன் கம்பெனிக்கு 7.5 சதவீதம்தான் பிடிக்கிறது. கீழே WACC என்பது நாம் தேடும் வீதம்; E பங்குகளின் சந்தை மதிப்பு, D கடன், V இரண்டும் சேர்ந்த தொகை, Re பங்குதாரர் எதிர்பார்ப்பது, Rd கடன் வட்டி, T வரி வீதம்.

```
WACC = (E/V) × Re + (D/V) × Rd × (1 − T)
     = 0.75 × 15 + 0.25 × 10 × 0.75
     = 13.125 %
```

இங்கே எடை 120-க்கு 40. பலர் ஐந்தொகையைப் பார்த்து 40-க்கு 40 என்று போடுகிறார்கள், அப்போது விடை 11.25 சதவீதம். வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட இல்லையே என்று தோன்றும். ஆலை 10 கோடிக்குப் புது இயந்திரங்கள் வாங்குகிறது, வரி போக ஆண்டுக்கு 1.8 கோடி வீதம் 10 ஆண்டுகள் வரும் என்று வையுங்கள். 11.25-இல் அந்த வரவின் இன்றைய மதிப்பு சுமார் 10.49 கோடி, வாங்கலாம். 13.125-இல் சுமார் 9.72 கோடி, வாங்கக் கூடாது. என்றைக்கோ முகமதிப்பில் வெளியிட்ட பங்கின் தொகையை எடையாக வைத்தால் இப்படித்தான் ஆகும். இன்றைக்கு அந்தப் பங்கை வைத்திருப்பவர் இன்றைய விலைக்குத்தான் 15 சதவீதம் எதிர்பார்க்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட்டியின் வரிச் சலுகை வீதத்துக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. அதனால் ஆண்டு வரவைக் கணக்கிடும்போது வட்டியைக் கழிக்கவும் கூடாது, அதன் வரி மிச்சத்தைக் கூட்டவும் கூடாது. நான் பார்க்கும் திட்ட அறிக்கைகளில் அதிகம் தென்படும் தவறு இதுதான்.

முருகேசன் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கடன் 7.5, பங்கு 15. கடனை முக்கால் பங்கு ஆக்கிவிட்டால் வீதம் 9.4-க்கு இறங்கிவிடுமே. அந்த இயந்திரத்தை வாங்கிவிடலாம்.

ரமணன் எழுதியது:

இறங்காது ஐயா. கடன் ஏற ஏற, வட்டி போக மிஞ்சுவதை நம்பியிருக்கும் பங்குதாரரின் ரிஸ்க் கூடும், அவர் எதிர்பார்ப்பதும் 15-இல் நிற்காது. மோடிக்லியானியும் மில்லரும் 1958-இல் காட்டியது இதைத்தான்; வரியை விட்டுவிட்டால், கடனும் பங்கும் எந்த விகிதத்தில் இருந்தாலும் மொத்த வீதம் மாறாது. இந்த ஆலையில் வரியைப் பார்க்காத மொத்த வீதம் 13.75. கடன் முக்கால் பங்கானால், வட்டி 10-இலேயே நின்றாலும் பங்குதாரர் 25 சதவீதம் கேட்பார். வரிச் சலுகையையும் சேர்த்தால் வீதம் சுமார் 11.9, உங்கள் 9.4 அல்ல. அவ்வளவு கடனுக்கு எந்த வங்கியும் 10-இல் கொடுக்காது என்பதால் அந்த 11.9-உம் கிடைக்காது.

செந்தில் எழுதியது:

சிவகாசியில் சிறு அச்சகம் வைத்திருக்கிறேன். முதலில் காலண்டர் மொத்த ஆர்டருக்குக் கொடுக்கும் தள்ளுபடி பற்றிப் பேசுகிறீர்களோ என்று நினைத்தேன், நண்பர் ஒருவர் 'தள்ளுபடி வீத விவாதம்' என்று சொல்லித்தான் அனுப்பினார். படித்த பிறகு ஒரு சந்தேகம். ஆப்செட் இயந்திரம் வாங்க வங்கியில் 11 சதவீதத்துக்குப் பாதிப் பணம், மீதி என் கைப்பணம். என் பங்கு சந்தையில் விற்பதில்லை. எடையை எதிலிருந்து எடுப்பது?

ரமணன் எழுதியது:

செந்தில், உங்கள் நிலைதான் உண்மையில் கடினம். பங்கின் மதிப்பு தெரிந்தால்தான் எடை தெரியும், எடை தெரிந்தால்தான் வீதம், வீதம் தெரிந்தால்தான் தொழிலின் மதிப்பு, அதிலிருந்து பங்கின் மதிப்பு. சுற்றிச் சுற்றி வரும். ஒன்று, ஒரு எடையை ஊகித்துக் கணக்கிட்டு, வந்த மதிப்பை வைத்து எடையைத் திருத்தி, இரண்டும் பொருந்தும்வரை திரும்பப் போடலாம். இல்லையென்றால், நெடுநாளைக்கு எந்த அளவு கடன் வைத்திருக்க நினைக்கிறீர்களோ அந்த விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதையே விரும்புவேன். இந்த ஓர் இயந்திரத்துக்குப் பாதிக்குப் பாதி என்பது எடை அல்ல, மொத்தத் தொழிலின் விகிதம்தான் எடை. உங்கள் கைப்பணத்துக்கு 11-ஐவிடக் குறைவாகப் போட்டுவிடாதீர்கள், வங்கிக்கு அடமானம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

சிவகாமி எழுதியது:

செந்தில் அவர்களின் மடல் எனக்கு உதவியது. 'தள்ளுபடி வீதம்' வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ரமணன் சார் 'பங்குதாரர் கேட்பார்' என்று எழுதியிருந்தார். அங்கிருந்து 'மூலதனக் கேட்பு வீதம்' என்று வைத்தால்? 'கேட்பு வரைவோலை' வங்கியில் பழகிய சொல்தானே. கடன் தந்தவர், பங்கு வாங்கியவர் இருவரும் கேட்பதை எடைபோட்டுச் சேர்த்தால் 'எடையிட்ட கேட்பு வீதம்'.

தர்சினி எழுதியது:

அழகாக இருக்கிறது அக்கா. ஆனால் கடன் பக்கம் வரி கழித்த 7.5-ஐ வங்கி கேட்கவில்லை, அது கேட்பது 10. கம்பெனிக்குப் பிடிக்கும் அளவுதான் 7.5. அங்கே கிரயம்தான் பொருந்துகிறது.

ரமணன் எழுதியது:

தர்சினி சொல்வது நியாயமான தடை, எனக்கு உடனே பதில் இல்லை. இன்னொரு பக்கமும் யோசிக்க வேண்டும். இதே நூற்பாலை காற்றாலை அமைத்தால், நீண்டகால ஒப்பந்த விலைக்கு மின்சாரம் விற்கும் அந்தத் தொழிலின் ரிஸ்க் நூல் விலையின் ரிஸ்க் அல்ல. அதற்கு ஆலையின் 13.125 பொருந்தாது, அந்தத் துறைக் கம்பெனிகளைப் பார்த்துத் தனி வீதம் எடுக்க வேண்டும். 'மூலதனக் கேட்பு' என்றால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரே வீதம் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் ஆகிவிடும். 'திட்டக் கேட்பு வீதம்' என்றால் தேவலை.

முருகேசன் எழுதியது:

காற்றாலைக்கும் அதே வங்கி, அதே வட்டிக்குத்தானே கடன் தரும்? ஆலையைப் பிணை காட்டி வாங்கினால்?

ரமணன் எழுதியது:

ஆலையைப் பிணை வைத்தால் அந்த வட்டி ஆலையின் பலத்துக்குக் கிடைத்தது, காற்றாலையின் பலத்துக்கு அல்ல. ஆலை இனி வாங்கக்கூடிய கடன் அந்த அளவு குறைந்துவிட்டது.

சிவகாமி எழுதியது:

பாடத்தில் இப்போதைக்கு 'எடையிட்ட மூலதனக் கேட்பு வீதம்' என்று எழுதி, இலங்கை வழக்கான கிரயத்தையும் பக்கத்தில் தருகிறேன். வரி கழித்த கடன் பகுதிக்கு வேறு சொல் யாருக்காவது தோன்றினால் அச்சுக்குப் போகும் முன் அனுப்புங்கள்.