கிணற்று நீரின் வன்மை: பழைய கொப்பியைப் பார்த்துச் செய்தும் பெறுமானம் ஒத்துவரவில்லை

வாவிக்கரை:
மட்டக்களப்பில் ஒரு லெப்பில் இன்டர்னாக இருக்கிறேன். போன நவம்பரில் கல்லடிப் பக்கக் கிணறொன்றின் நீருக்கு முன்பிருந்த இன்டர்ன் வன்மை பார்த்திருக்கிறார். அதையே திரும்பச் செய்யச் சொன்னார்கள். அவருடைய கொப்பியில் இருப்பது இவ்வளவும்தான்: "12.11 கிணறு 3. மாதிரி 50. ஈடிடிஏ 0.01. பஃபர், காட்டி போட்டது. 14.45. வன்மை 289." இப்போது பெப்ரவரியில் எனக்கு 251 வருகிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள், பிழை எந்தப் பக்கம்?

கிணற்றடி:
பிழையே இல்லை தம்பி. நவம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் வாடைக்காற்று மழை முழுக்கப் பெய்து முடிந்திருக்கு. கல்லடி மணல் நிலம், மழைநீர் நேரே கிணற்றுக்குள் இறங்கும். வன்மை குறையத்தானே வேணும். கொப்பியைக் குறை சொல்லாதீங்க.

தராசுத்தட்டு:
மழை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மழைதான் என்று சொல்ல, அளவீட்டால் எவ்வளவு மாறியிருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அந்த ஒரு வரியிலிருந்தே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம்.

14.45 ஐ 20 ஆல் பெருக்கினால் சரியாக 289. 50 மி.லீ. மாதிரியை லீற்றருக்கு மாற்றத்தான் அந்த 20. அப்படியென்றால் அவர் 1 மி.லீ. ஈடிடிஏ 1 மி.கி. கல்சியம் காபனேற்றுக்குச் சமம் என்று வைத்துக் கணித்திருக்கிறார். கரைசலை நியமப்படுத்திய காரணி இல்லை, வெற்று நியமிப்பையும் கழிக்கவில்லை. "0.01" என்பது போத்தலில் ஒட்டிய லேபிள்தான், அளந்து பெற்ற செறிவு அல்ல.

பழைய ஈடிடிஏ போத்தல் இன்னும் இருக்கிறதா? இருந்தால், 1 மி.லீ. இல் 1 மி.கி. கல்சியம் காபனேற்று உள்ள நியமக் கரைசலில் 25.0 மி.லீ. எடுத்து அதை நியமியுங்கள். காய்ச்சி வடித்த நீர் 50 மி.லீ. இல் அதே பஃபர், அதே காட்டி போட்டு வெற்றும் பாருங்கள்.

வாவிக்கரை:
இருந்தது சேர், "4.11" என்று எழுதிய கண்ணாடிப் போத்தல், அடியில் கொஞ்சம். நியமத்துக்கு 25.60 போனது. வெற்று 0.10.

தராசுத்தட்டு:
நல்லது. 25.60 இலிருந்து 0.10 போக 25.50. 25 ஐ அதால் வகுத்தால் 0.980. அதாவது அந்தக் கரைசலில் 1 மி.லீ. 0.980 மி.கி.க்குத்தான் சமம். இப்போது பழைய அளவீடு: 14.45 இல் வெற்றைக் கழித்தால் 14.35. அதை 0.980 ஆலும் 20 ஆலும் பெருக்க 281. ஆக 289 என்பது 281 ஆகிறது. உங்கள் 251 உடனுள்ள 38 வித்தியாசத்தில் 8 இப்படிப் போய்விட்டது.

ஆனால் இந்த 0.980 இன்றைய காரணி. சாதாரண கண்ணாடிப் போத்தலில் ஈடிடிஏ நாட்போக்கில் கண்ணாடியிலிருந்தே கல்சியம் போன்ற அயன்களை இழுத்துக்கொண்டு வலுக் குறையும். பொலிதீன் அல்லது போரோசிலிக்கேற்றுப் போத்தலில் வைப்பது அதற்காகத்தான். நவம்பரில் காரணி 1 க்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கலாம். அன்றைக்கே கொப்பியில் ஏறியிருந்தால் இந்தச் சந்தேகமே வராது.

உங்கள் 251 ஐ எப்படி எடுத்தீர்கள்?

வாவிக்கரை:
புதுக் கரைசல், 3.72 கிராம் ஒரு லீற்றருக்கு. நியமப்படுத்தவில்லை. மாதிரி 50 மி.லீ. அளவுச்சாடியால் எடுத்தேன்.

தராசுத்தட்டு:
அப்படியென்றால் உங்கள் பக்கமும் திறந்தே கிடக்கிறது. சாடியில் 1 மி.லீ. கூடக் குறைய வந்தாலே 2 வீதம், வன்மையில் ஏறக்குறைய 5. பிப்பெட்டால் எடுங்கள். ஈடிடிஏ புட்டியின் லேபிளையும் பாருங்கள்: இருசோடியம் உப்பு, இருநீரேற்று என்றால் 372.24 சார்மூலக்கூற்றுத் திணிவு, 3.72 கிராம் சரி. நீரற்ற உப்பு என்றால் 336, அதே நிறைக்குக் கரைசல் 10 வீதத்துக்கு மேல் வலுவாகிவிடும், பியூரெட் வாசிப்பு அந்தளவுக்குக் குறையும். "ஈடிடிஏ" என்று மட்டும் எழுதும் கொப்பி இதைக் காட்டாது.

மருதமுனை ராத்தா:
அம்பாறைப் பக்கம் நுண்ணுயிரியலிலும் இதே கதைதான். மலக் கோலிபோமுக்கு 44.5 பாகையில் வைக்க வேணும், 0.2 பாகைதான் விலகலாம். கொப்பியில் "இரவு முழுக்க இன்குபேட்டரில்" என்று இருக்கும். வைத்த நேரம், எடுத்த நேரம், உள்ளே இருக்கிற வெப்பமானி காட்டினது, மூன்றையும் எழுதணும். வெளியில் டயலில் இருக்கிற இலக்கம் உள்ளே இருக்கிற சூடு இல்லை. கரண்ட் போய் வந்தால் அந்த நேரத்தையும் போடுங்க. ஈடிடிஏ பற்றி எனக்குத் தெரியாது, தம்பி.

நீலப்பேனை:
முதலில் றஃப் தாளில் எழுதி, பின்னேரம் ஆறுதலாகக் கொப்பியில் அழகாகப் பதிவதுதான் நல்லது. மேசையில் கொப்பி இருந்தால் தண்ணி பட்டு மை கரையும்.

தராசுத்தட்டு:
மை கரையும் என்பது சரி. ஜெல் பேனை வேண்டாம், போல்பொயின்ற் போதும். ஆனால் றஃப் தாளில் எழுதாதீர்கள். 0.35, 14.80 என்ற இரண்டு வாசிப்புகள் தாளோடு போய், 14.45 மட்டும் கொப்பிக்கு வரும். கழித்ததில் தவறு இருந்தால் பிறகு யாராலும் பிடிக்க முடியாது. தவறாக எழுதினால் ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதும் கையொப்பமும் திகதியும். டிபெக்ஸ் பூசக் கூடாது, வெட்டியதும் வாசிக்கத் தெரிய வேண்டும்.

அந்த நவம்பர்ப் பதிவு இப்படி இருந்திருக்க வேண்டும் (வாசிப்புகளும் காரணியும் பக்க எண்களும் உதாரணத்துக்கு):

12.11, மு.ப. 9.40. கிணறு 3, மாதிரி எடுத்தது 11.11 பி.ப. 4.15, முதல் நாள் இரவு மழை.
ஈடிடிஏ: 4.11 இல் தயாரித்த போத்தல், பக்கம் 14. இன்று நியமித்தது: 1 மி.லீ. = 0.980 மி.கி.
பஃபர்: 1 மி.லீ., 1.11 இல் தயாரித்தது, பக்கம் 12. சேர்த்த பின் பீஎச் 10.0.
காட்டி: எரியோக்குரோம் பிளாக் டி, உப்போடு அரைத்த தூள், சிறு கரண்டி நுனியளவு.
மாதிரி: 50.0 மி.லீ., பிப்பெட்.
பியூரெட்: 0.35 → 14.80 (14.45). 0.20 → 14.65 (14.45). வெற்று: 0.10.
பஃபர் சேர்த்து 4 நிமிடத்தில் முடிந்தது. கடைசிச் சிவப்புச் சாயல் போய்த் தெளிந்த நீலம்.
14.35 × 0.980 × 20 = 281 மி.கி./லீ.

கடைசி இரண்டு குறிப்பையும்தான் பலர் விடுகிறார்கள். பஃபர் போட்டபின் 5 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் கல்சியம் காபனேற்று வீழ்படிவாகத் தொடங்கும், முடிவுப்புள்ளி நழுவும். நம்மூர் வெக்கையில் பஃபர்ப் போத்தலின் மூடி தளர்ந்திருந்தால் அமோனியா பறந்து பீஎச் இறங்கிவிடும். அப்போது நீலம் பளிச்சென்று வராது, ஊதாவிலேயே நின்று இழுக்கும். ஒருவர் ஊதாவில் நிறுத்துவார், அடுத்தவர் நீலம் வரும்வரை விடுவார். நாலு துளி என்றாலே ஏறக்குறைய 0.2 மி.லீ., வன்மையில் 4. பஃபரை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

வாவிக்கரை:
லேபிள் பார்த்தேன், இருநீரேற்றுத்தான். புதுக் கரைசலை நியமித்தேன், காரணி 1.02. பிப்பெட்டால் மாதிரி எடுத்து, வெற்றையும் கழித்து, இரண்டு தடவையும் 258 வந்தது.

கிணற்றடி:
பார்த்தீங்களா, இன்னும் 23 மிச்சம். அது மழைதான்.

தராசுத்தட்டு:
இருக்கலாம். ஆனால் நவம்பர் மாதிரியில் ஒரு போத்தலும் மிச்சமில்லை, அன்றைய காரணியும் தெரியாது, அவர் எந்த நிறத்தில் நிறுத்தினார் என்றும் தெரியாது. அந்த 23 ஐ மழைக்கும் கொப்பிக்கும் எப்படிப் பிரிப்பது? வாவிக்கரை, அறிக்கையில் 258 ஐ முழு விபரத்தோடு போடுங்கள். 289 ஐத் திருத்தாமல் அப்படியே காட்டி, "காரணி பதியப்படவில்லை" என்று பக்கத்தில் எழுதுங்கள். அதே கிணற்றில் மார்ச்சிலும் ஏப்ரலிலும் எடுத்துப் பாருங்கள்.

வாவிக்கரை:
சரி சேர். மார்ச் மாதிரியில் ஒரு போத்தலை மிச்சம் வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

மருதமுனை ராத்தா:
வன்மைக்கென்றால் நைத்திரிக்கமிலம் விட்டு பீஎச் 2 க்குக் கீழே கொண்டுவந்து வைப்பாங்க, ஆறு மாதம் தாங்கும். நியமிக்கும்போது முதலில் அமிலத்தை நடுநிலையாக்கணும், இல்லாட்டி பஃபர் தோற்றுப்போகும். எவ்வளவு அமிலம் விட்டீங்க என்பதையும் கொப்பியில் போடுங்க.