பழைய பதிப்புக்குத் திரும்பினால் பெட்டிகள் எல்லாம் காலி, அவசர உதவி

பாறைவெட்டி (சனி இரவு 11:24)
வணக்கம். எங்கள் மைன்கிராஃப்ட் சர்வரை இன்று இரவு அப்டேட் செய்தேன். அதற்குப் பிறகு ஒரு பிளகின் சேர்த்திருந்த நாற்காலி, விளக்கு எல்லாம் காணாமல் போய்விட்டன. சரி, பழையதற்கே போவோம் என்று பழைய ஜார் கோப்பைத் திரும்ப வைத்தேன். முதலில் திறக்கவே இல்லை. எங்கோ தேடிப் பிடித்து ஒரு வரி சேர்த்ததும் திறந்தது, ஆனால் எல்லோருடைய பெட்டியும் காலி! வீடுகள் அப்படியே இருக்கின்றன, பெட்டிக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

முகிலன்
எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு? வெறும் சர்வரா, பேப்பரா, ஃபேப்ரிக்கா? பேக்கப் இருக்கிறதா? சேர்த்த அந்த வரி என்ன?

செவ்வந்தி22
எனக்கும் இப்படித்தான் ஆனது. என் ஃபோனில் விளையாட்டை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன், உலகமே போய்விட்டது. அதனால் நீக்க மட்டும் செய்யாதீர்கள்.

முகிலன்
செவ்வந்தி, அது வேறு கதை. அவர் கேட்பது சர்வர்.

விறகுவண்டி
ரொம்ப எளிது. `world` அடைவில் `level.dat_old` என்று ஒன்று இருக்கும். `level.dat`ஐ அழித்துவிட்டு இதற்கு அந்தப் பெயரை வையுங்கள். வால்ஹெய்மில் `.db.old` வைத்து நான் இரண்டு முறை உலகத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்.

பழையகை
வால்ஹெய்மில் கட்டியது எல்லாம் ஒரே `.db` கோப்பில் இருக்கும், அதனால் அங்கே அது சரி. இங்கே `level.dat`இல் விதை எண், நேரம், விளையாட்டு விதிகள் இந்த மாதிரிச் சங்கதிகள்தான். வீடும் பெட்டியும் `region` அடைவின் `.mca` கோப்புகளில். அவற்றுக்கு `_old` எதுவும் கிடையாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதும் பழக்கத்தை எப்போது விடப் போகிறோமோ.

கேட்டவருக்கு: பேக்கப் எடுக்காமல் அப்டேட் செய்பவர்களுக்கு உதவக் கூடாது என்று எனக்கு ஒரு விதி உண்டு. இன்று ஒரு நாள் தளர்த்துகிறேன். முகிலன் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

பாறைவெட்டி (11:41)
மன்னிக்கவும். பேப்பர். 1.20.4இலிருந்து 1.20.6. முதலில் வந்த பிழை இது:

```
Server attempted to load chunk saved with newer version of minecraft! 3839 > 3700
```

சேர்த்த வரி இது:

```
-DPaper.ignoreWorldDataVersion=true
```

இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு பேர் உள்ளே இருக்கிறார்கள்.

கோமதி
ஐயோ. முதல் வேலை, அந்த நான்கு பேரையும் ஒன்றையும் தொடாமல் நிற்கச் சொல்லுங்கள். புதிதாக யாரையும் உள்ளே விடாதீர்கள். கன்சோலில் `save-off` கொடுங்கள்.

ஏன் காலி என்று சொல்கிறேன். 1.20.5இல் பொருட்களை எழுதும் முறையே மாறியது. முன்பு ஒரு பொருளின் எண்ணிக்கை `Count` என்ற பெயரில் இருந்தது, இப்போது சிறிய எழுத்தில் `count`. மந்திரம், பெயர் எல்லாம் `tag`இல் இருந்தன, அவை `components`க்குப் போய்விட்டன. உங்கள் பழைய 1.20.4 பெட்டியைத் திறந்து `Count` எங்கே என்று தேடுகிறது, கிடைக்கவில்லை. எண்ணிக்கை பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. பூஜ்யம் என்றால் அங்கே பொருளே இல்லை. கட்டைகளின் பெயர்கள் மாறாததால் வீடு நிற்கிறது.

இதில் மோசம் என்னவென்றால், கோப்பில் பொருள் இன்னும் இருக்கிறது, நினைவகத்தில்தான் இல்லை. அந்தச் சங்க் அடுத்த முறை சேமிக்கப்படும்போது காலிப் பெட்டியே கோப்பிலும் எழுதப்பட்டுவிடும்.

பழையகை
ஒரு தகவல். அந்த வரிக்குப் பேப்பர் நிரலில் உள்ள மாறியின் பெயர் `JUST_CORRUPT_IT`. எழுதியவர்கள் ஒளிவுமறைவே வைக்கவில்லை.

நள்ளிரவு_நிர்வாகி
அப்படியென்றால் `stop` கொடுக்கவே கூடாது. `stop` எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் நிற்கும். நேராக `kill -9`.

முகிலன்
ரீஜன் கோப்பு பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கொன்றால் இருப்பதும் கெடும். எனக்கு ஒரு முறை 32க்கு 32 சங்க் மொத்தமாகப் போனது.

நள்ளிரவு_நிர்வாகி
நான் வருடக்கணக்காக இப்படித்தான் நிறுத்துகிறேன், ஒரு முறை கூடக் கெடவில்லை.

முகிலன்
உங்களுக்குக் கெடவில்லை என்றால் அது முறையா? மின்சாரம் போனாலும் உலகம் பிழைக்கும் என்று யாராவது தினமும் சுவிட்சை அணைப்பார்களா?

நள்ளிரவு_நிர்வாகி
காலிப் பெட்டியை ஒழுங்காகச் சேமிப்பதுதான் உங்கள் முறை போல. வாழ்த்துகள்.

கோமதி
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். `save-off` போட்டாயிற்று அல்லவா, இப்போது வட்டில் இருப்பதை அப்படியே வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். பிறகு எப்படி நிறுத்தினாலும் கவலையில்லை. `cp -a` பயன்படுத்துங்கள், கோப்பின் நேரம் மாறக் கூடாது. மூன்று அடைவுகளும் வேண்டும்: `world`, `world_nether`, `world_the_end`.

பாறைவெட்டி (நள்ளிரவு 12:09)
நகல் எடுத்துவிட்டேன். ஆனால் `cp -r` போட்டுவிட்டேன், பிறகுதான் உங்கள் பதிலைப் பார்த்தேன். எல்லாக் கோப்பும் இன்றைய நேரம் காட்டுகிறது. சர்வரை `stop` கொடுத்து நிறுத்தினேன். வாடகைக்கு எடுத்த இடத்தின் பேனலில் புதன்கிழமை இரவு பேக்கப் ஒன்று தானாக எடுத்திருக்கிறது, இப்போதுதான் கண்ணில் பட்டது!

பழையகை
அதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் நாம் எல்லோரும் தூங்கியிருப்போம்.

விறகுவண்டி
அப்போ புதன் பேக்கப்பைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போகலாமே?

பாறைவெட்டி (12:14)
வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எல்லோரும் பெரிய கோட்டை கட்டினார்கள். அது போனால் என்னைத் தொலைத்துவிடுவார்கள்.

கோமதி
கோட்டை முழுவதும் போக வேண்டியதில்லை. அப்டேட் செய்ததும் உலகம் மொத்தமும் மாறிவிடாது. யாராவது அருகில் போய் ஏற்றப்பட்டு, திரும்பச் சேமிக்கப்பட்ட சங்க் மட்டுமே புதிய வடிவத்துக்கு மாறும். `--forceUpgrade` போட்டு ஓட்டியிருந்தால்தான் எல்லாம் மாறியிருக்கும். போட்டீர்களா?

பாறைவெட்டி
இல்லை. அப்டேட் செய்தது 9 மணிக்கு. ஒன்றரை மணி நேரம்தான் புதியதில் ஓடியது.

கோமதி
நல்லது. ஒரிஜினல் அடைவில் கோப்புகளின் நேரம் இன்னும் சரியாக இருக்கும். இதை அங்கே ஓட்டுங்கள்:

```
find world world_nether world_the_end -name '*.mca' -newermt '2024-06-15 21:00'
```

முதலில் `date` கொடுத்துச் சர்வரின் கடிகாரம் உங்கள் நேரத்தில்தான் ஓடுகிறதா என்று பாருங்கள், பல இடங்களில் அது யூடிசியில் ஓடும். இந்தப் பட்டியலில் வராத கோப்புகளை 9 மணிக்குப் பிறகு யாரும் தொடவில்லை, அவை முழுசாகப் பழைய வடிவம். பட்டியலில் வருபவற்றிலும் எல்லாச் சங்க்கும் கெட்டிருக்காது.

முகிலன்
கெட்டதைப் பிரிக்க MCA Selector. `DataVersion` 3700க்கு மேல் என்று வடிகட்டினால் புதிய வடிவச் சங்க் மட்டும் தேர்வாகும், அவற்றை மட்டும் பேக்கப்பிலிருந்து கொண்டுவரலாம்.

கோமதி
சாதாரணமாக அது சரிதான், முகிலன். இங்கே ஒரு சிக்கல். அந்த வரியைப் போட்டு 1.20.4இல் ஓட்டியிருக்கிறார். அப்போது சேமித்த சங்க் எல்லாம் பெட்டி காலியான பிறகு மறுபடியும் 3700 என்றே முத்திரை குத்தப்பட்டு எழுதப்பட்டிருக்கும். நல்ல சங்க்கும் 3700, நாசமான சங்க்கும் 3700. உங்கள் வடிகட்டி நாசமானதை நல்லது என்று விட்டுவிடும்.

முகிலன்
ஆமாம், அதை யோசிக்கவில்லை. அப்போ `Timestamp`?

கோமதி
அதேதான். ரீஜன் கோப்பின் தலைப்பகுதியில் ஒவ்வொரு சங்க்கும் கடைசியாக எழுதப்பட்ட நேரம் தனியாக இருக்கிறது. `cp -r` அதைத் தொடாது. 9 மணிக்குப் பிந்தியதை எல்லாம் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டு, புதன் பேக்கப்பிலிருந்து இறக்குமதி செய்யுங்கள், ஏற்கனவே இருப்பதன் மேல் எழுதாதபடி. மூன்று உலகங்களுக்கும் தனித்தனியாக. `region`, `entities`, `poi` மூன்றும் சேர்ந்தே போக வேண்டும், இல்லாவிட்டால் விலங்குகள் ஒரு நாளிலும் தொழுவம் இன்னொரு நாளிலும் நிற்கும். `level.dat`ஐயும் பேக்கப்பிலிருந்து எடுங்கள். அப்புறம் அந்த வரியை நீக்கிவிட்டுத் திறங்கள். பேப்பரின் சோதனை வேலை செய்தால்தான், எங்காவது ஒரு புதிய சங்க் தப்பியிருந்தால் கத்திச் சொல்லும்.

உலகத்தின் தொடக்க இடம் மட்டும் கஷ்டம். இந்தப் பதிப்புகளில் யார் இல்லாவிட்டாலும் அது எப்போதும் ஏற்றியே இருக்கும், அதனால் அங்கே புதன்கிழமைதான் கிடைக்கும்.

பாறைவெட்டி (ஞாயிறு பகல் 1:50)
கோட்டை திரும்பி வந்துவிட்டது, பெட்டிகளில் பொருள் இருக்கிறது! ஆனால் ஒருவர் நெதர் வாசலுக்குள் நுழைந்ததும் சர்வர் அதே `3839 > 3700` பிழையோடு விழுந்துவிடுகிறது.

பழையகை
`world` ஒன்றை மட்டும் சரி செய்திருப்பீர்கள். பேப்பரில் நெதர் `world_nether/DIM-1`, எண்ட் `world_the_end/DIM1`. மூன்று அடைவு என்று கோமதி இரண்டு முறை எழுதினார். படிப்பது ஒரு கலை.

பாறைவெட்டி
ஆமாம், அதேதான். இப்போது செய்கிறேன்.

நள்ளிரவு_நிர்வாகி
ஆள்களின் கைப்பையும் காலியாக இருக்குமே? `playerdata`வைப் பற்றி யாரும் பேசவில்லை.

கோமதி
சரியாகக் கேட்டீர்கள். பேப்பரின் அந்தச் சோதனை சங்க்குக்குத்தான், ஆள் கோப்பைப் பார்க்காது, அதனால் பிழையும் வராது. அந்த வரி போட்ட பிறகு உள்ளே வந்து வெளியே போனவர்களின் பை காலியாகவே சேமிக்கப்பட்டிருக்கும். 1.20.6இல் மட்டும் வந்தவர்களின் கோப்பு புதிய வடிவத்தில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் இப்போது 1.20.4இல் நுழைந்தால் அதுவும் போகும். 9 மணிக்குப் பிறகு வந்த எல்லோருக்கும் புதன் கோப்பைப் போடுங்கள். என்ன தொலைந்தது என்று பார்க்க, நள்ளிரவு எடுத்த நகலை உங்கள் கணினியில் தனியாக ஒரு 1.20.6 சர்வரில் திறந்து பாருங்கள், தப்பியவை அங்கே தெரியும். அதைப் பார்த்துக் கையால் கொடுத்துவிடலாம்.

விறகுவண்டி
நிலம் பூட்டும் பிளகின், காசு பிளகின் எல்லாம் தனித் தரவுத்தளத்தில் எழுதுமே. உலகம் பாதி புதன், பாதி சனி. வெள்ளிக்கிழமை வைரத்தை விற்றவனிடம் இப்போது காசும் இருக்கும், பெட்டியில் வைரமும் இருக்கும்.

பழையகை
முதல் முறையாக உருப்படியான ஒன்று சொன்னீர்கள். இதற்குச் சுத்தமான வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

முகிலன்
காசுத் தரவுத்தளத்தையும் புதனுக்கே கொண்டுபோகலாமே.

விறகுவண்டி
அப்போது வெள்ளி கோட்டைக்குக் கல் வாங்கியவனுக்குக் காசு திரும்ப வந்துவிடும், கல்லும் இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவருக்கு லாபம்.

செவ்வந்தி22
யாருக்காவது என் ஃபோன் உலகத்தைத் திரும்ப எடுக்க வழி தெரியுமா?

பாறைவெட்டி (செவ்வாய்)
மூன்று உலகமும் ஓடுகிறது. இரண்டு பேருக்குப் பை போனது, கையால் கொடுத்தேன். காசை அப்படியே விட்டுவிட்டேன். கோமதி அக்காவுக்கு நன்றி.