புதுப்பிப்பு: போனில் எடுத்த படத்தில் உள்ள விசைக்கு AB வழியே எறியம்

"படத்தில் 300 N விசை இருக்கிறது. AB வழியே அதன் எறியம் எவ்வளவு? விடையை எண்ணாக எழுதுவதா, காவியாக எழுதுவதா?"

எல்லோருக்கும் நன்றி. மொரட்டுவை அண்ணா சொன்ன வழிதான் சரிவந்தது: படத்தில் கோணத்தை அளக்காமல், அதில் எழுதியிருக்கும் ஆள்கூறுகளை மட்டும் எடுப்பது. F = (200, −100, 200) N. A உற்பத்தி, B (3, 0, 4) மீற்றர். AB இன் நீளம் 5, ஆகவே அலகுக் காவி u = (0.6, 0, 0.8).

F·u = 120 + 0 + 160 = 280 N. எண்ணி வடிவம் இதுதான். அப்புறம் அதை u ஆல் பெருக்கினால் காவி வடிவம்: (168, 0, 224) N.

பாகைமானி வைக்கச் சொன்ன வெள்ளவத்தைத் தம்பியின் |F| cos θ சரியே. ஆனால் முப்பரிமாணப் படத்தில் தாளில் தெரியும் கோணம் உண்மைக் கோணம் அல்ல. போனைச் சாய்த்துப் பிடித்தால் அது இன்னும் மாறும். தாளில் ஏறக்குறைய 40° தெரிந்தது, அது 230 N தான் தரும். உண்மைக் கோணம் 21°.

எதிர்பாராத ஒன்று: திசையை BA என எடுத்தால் எண்ணி −280 N ஆகிறது, காவி மட்டும் அப்படியே இருக்கிறது. u இரண்டு தடவை வருவதால் குறி வெட்டுப்படுகிறது.

அக்கா கேட்டது செங்குத்தில்லாத இரு அச்சுகள் வழியே பிரிப்பது. அங்கே இணைகரம் வரைய வேண்டும், கூறும் எறியமும் சமமாகாது. "கூறு" என்று மட்டும் கேட்டால் எந்த வடிவம் எழுதுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் இரண்டையும் எழுதிவிட்டேன்.