நியூட்ரல் அறுந்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

உப்புக்காத்து
கடலூர் முதுநகரில் எங்கள் வீடு. த்ரீ பேஸ் சர்வீஸ், கீழ்த்தளம் எங்களுக்கு ஆர், முதல் மாடிக்கு ஒய், மேல் மாடிக்கு பி. மேல் மாடி அப்போது பூட்டிக் கிடந்தது. மழை விட்ட ஒரு சாயங்காலம், மாடி அக்கா கீசர் போட்ட கொஞ்ச நேரத்தில் எங்கள் ஃபேன் பேய் மாதிரி சுற்றியது, எல்இடி பல்பு ஒன்று பட்டென்று போனது, டிவிக்குப் பின்னால் புகை. மாடியில் ட்யூப் லைட் எரியவே இல்லையாம். மல்டிமீட்டரை எடுத்துப்போய் மெயினில் வைத்தேன். ஆர்-நியூட்ரல் 365, ஒய்-நியூட்ரல் 49. ஆர்-ஒய் மட்டும் சுத்தமாக 414. எம்சிபி ஒன்றுகூட விழவில்லை! அந்த 49தான் இன்னும் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. லைன் வோல்ட் சரியாக இருக்கும்போது பேஸ் வோல்ட் எப்படி இப்படி ஆகும்?

லாஸ்பேட்டை ஈசிஇ
டிரான்ஸ்பார்மரில் யாரோ டெல்டாவாக மாற்றிக் கட்டியிருப்பார்கள். டெல்டாவில் லைனும் பேஸும் ஒன்றுதானே, அதனால்தான் 400 பக்கம் ஏறியிருக்கிறது.

வைண்டிங்கடை
தம்பி, டெல்டாவில் இரண்டும் ஒன்று என்பது சரி. ஆனால் அப்படி என்றால் 49 எங்கிருந்து வரும்? ஆர்-ஒய் லைனுக்கு நடுவில் 414 சரியாக நிற்கிறது, அப்படியானால் மேலிருந்து வரும் சப்ளையில் கோளாறு இல்லை. ஸ்டாரின் நடுப்புள்ளியிலிருந்து வரும் நியூட்ரல்தான் வழியில் விட்டுப் போயிருக்கிறது. கடலோரத்தில் சர்வீஸ் ஒயர் இணைப்பு உப்பில் பொரிந்து போவது நான் பார்க்காததா.

நியூட்ரல் இருக்கும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக 240. அது போனதும், இரண்டு வீட்டு நியூட்ரலும் உங்கள் மெயினில் சேர்ந்தே இருப்பதால், கரண்ட் ஆரில் புகுந்து உங்கள் வீட்டு லோடு வழியாக வந்து, மாடி லோடு வழியாக ஒய்யில் வெளியேறும். இரண்டும் சீரீஸ், மேலே 415.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கீசர் 2000 வாட் என்றால் 29 ஓம். உங்கள் ஃபேன், டிவி எல்லாம் சேர்த்து 250 வாட் என்று வைத்தால் 230 ஓம். மொத்தம் 259, கரண்ட் 1.6 ஆம்பியர். உங்களுக்கு 368, மாடிக்கு 46. மீட்டர் காட்டியதும் ஏறக்குறைய அதுதானே. டிவி, எல்இடி எல்லாம் சுத்தமான ரெசிஸ்டன்ஸ் இல்லை, அதனால் துல்லியமாக வராது. லோடு குறைவாக இருப்பவன்தான் சாவான். அவன் வீட்டில் ஒரு பொருள் எரிந்து போனால் ஓம் இன்னும் கூடும், மிச்சம் இருப்பவற்றுக்கு வோல்ட் இன்னும் ஏறும். 1.6 ஆம்பியருக்கு எம்சிபி ஏன் விழப்போகிறது?

பண்ருட்டி தோட்டம்
எனக்கு நடந்தது வேறு. போர் மோட்டார் கட்டிக்கொண்டு வந்ததும் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை, உறுமிக்கொண்டே சூடாகிறது. பிளேட்டில் 415 டெல்டா என்று போட்டிருந்தது, கட்டியவர் ஸ்டாரில் விட்டுவிட்டார். ஒவ்வொரு காயிலுக்கும் 240தான் கிடைத்தது, இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. டெல்டாவாக மாற்றியதும் தண்ணீர் கொட்டியது. உங்கள் வீட்டு மோட்டாரும் த்ரீ பேஸ் என்றால் அன்று ஒழுங்காக ஓடியிருக்குமே? அதற்கு நியூட்ரலே வேண்டாம்.

உப்புக்காத்து
எங்களுடையது சிங்கிள் பேஸ் அண்ணா, நல்லவேளை அன்று ஆஃபில் இருந்தது.

அரியாங்குப்பம் பாலு
இதெல்லாம் எதற்கு? முதலில் நல்ல ஸ்டெபிலைசர் வாங்குங்கள். அப்புறம் மீட்டர் பக்கத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு கம்பியால் சேர்த்துவிடுங்கள், நியூட்ரல் போனாலும் மண் வழியாகப் போய்விடும். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். ஆர்சிசிபி இருந்தால் உடனே விழுந்துவிடும், கவலையே இல்லை. என் மச்சான் வீட்டில் இப்படித்தான், பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை.

வைண்டிங்கடை
பாலு சார், அந்தக் கம்பி வேலையை யாரும் செய்யாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் திரும்பும் கரண்ட் முழுக்க உங்கள் எர்த் கம்பியில் இறங்கும். குழி காய்ந்து இருந்தால் ஃப்ரிட்ஜ் பாடி, வாஷிங் மெஷின் பாடி எல்லாம் ஷாக் அடிக்கும். ஆர்சிசிபியும் விழாது. பேஸில் போகும் 1.6 ஆம்பியர்தான் நியூட்ரலிலும் வருகிறது, அது பார்ப்பது அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. ஓவர் வோல்டேஜ் பார்த்துக் கட் பண்ணும் ரிலே வேறு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

அரியாங்குப்பம் பாலு
மச்சான் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறது.

லாஸ்பேட்டை ஈசிஇ
சீரீஸ் கணக்கு புரிந்தது. ஆனால் மேல் மாடி பி பேஸ்? லோடே இல்லாத இடத்தில் என்ன காட்டும், 240 தானே?

உப்புக்காத்து
அங்கேயும் வைத்துப் பார்த்தேன், 390 பக்கம்.

வைண்டிங்கடை
415 பக்கமுள்ள முக்கோணம் ஒன்று வரைந்து, மூலைகளுக்கு ஆர், ஒய், பி என்று பெயர் போடு. நியூட்ரல் நடுவில் இருந்தால் எல்லா மூலைக்கும் 240. இப்போது அது ஆர்-ஒய் பக்கத்தின் மேலேயே, ஒய் மூலைக்குக் கிட்டே போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து பி மூலைக்கு ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வந்து சொல்லு.